கருவி படம் போடட்டும், எழுத்தை நாம் கோப்போம்



எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது. அதை ஒரே ஒரு சுவரொட்டிக்குள் அடக்கிப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு நூலகத்தில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறார்கள். வாசலில் ஒட்டுவதற்கு ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி வேண்டும். ஓவியரிடம் போக நேரமில்லை. வாசகம் கொடுத்தால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில், ‘நவராத்திரி கொலு என்று தலைப்பு எழுதிய சுவரொட்டி’ என்று தட்டுகிறார்கள். அரை நிமிடத்தில் படம் வந்துவிடுகிறது.

படத்தைக் குறை சொல்ல முடியாது. படிகள், பட்டுத்துணி, குத்துவிளக்கு, செட்டியார் பொம்மை, மரப்பாச்சி எல்லாம் இருக்கின்றன. தலைப்பைப் பார்த்தால்தான் சங்கடம். முதல் எழுத்து ந மாதிரி இருக்கிறது. அடுத்தது வ-வா ல-வா என்று சொல்ல முடியாது. நடுவில் ஓர் எழுத்துக்கு இரண்டு புள்ளி. ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு இருக்கிறது, க இருக்கிறது, காலுக்குப் பதில் ர இருக்கிறது. கடைசியில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சுழி. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே வந்தால் ஒன்றுமில்லை.

இத்தனை பொம்மையைச் சரியாகப் போட்ட கருவிக்கு எட்டு எழுத்து ஏன் வரவில்லை? முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொம்மைகளையும் அது சரியாகப் போடவில்லை. தசாவதார செட்டை எண்ணிப் பாருங்கள், பதினொன்று இருக்கும். ஒரு பொம்மைக்கு விரல் ஆறு இருக்கும். நாம் எண்ணுவதில்லை, அதனால் தெரிவதில்லை. மரத்தில் இலை ஒன்று கூடக்குறைய இருந்தால் அது மரம்தான். ன-வில் ஒரு சுழி கூடினால் அது ண ஆகிவிடுகிறது. படத்தில் எங்கும் பரவியிருக்கிற சின்னச் சின்னத் தவறுகள் எழுத்தில் மட்டும் மறைய இடமில்லாமல் மாட்டிக்கொள்கின்றன. இது பாதிக் காரணம். மீதிப் பாதி கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவியை எடுத்துக்கொள்கிறேன். அதன் உள்ளமைப்பு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது என்பதால் ஊகம் இல்லாமல் பேசலாம். நாம் தட்டுகிற வாசகத்தை அது எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. வாசகத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நன்றாகப் புழங்கும் சொல் என்றால் முழுச் சொல்லுக்கும் சேர்த்து ஒரே எண். அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து, எது முதலில், எது அடுத்து என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கிடையாது. சொல்லின் பொருள் ஓரளவு போய்ச் சேரும், எழுத்துக்கூட்டு போய்ச் சேராது.

தமிழில் கதை வேறு. ‘கொலு’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது நான்கு குறியீடு: க, அதற்குரிய ஒகரக் குறி, ல, உகரக் குறி. கணினியில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 12 பைட். வாசகத்தை வாங்கிக்கொள்ளும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. அது இந்த 12 பைட்டைத் தனக்குத் தெரிந்தபடி நறுக்குகிறது. வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். அப்படி வந்த துண்டுகளுக்கு அதனிடம் பொருளும் இல்லை, உருவமும் இல்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2022 கடைசியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாசகத்தை எழுத்தெழுத்தாகப் பார்க்கும் பகுதியை வைத்துப் பழக்கினால் படத்துக்குள் வரும் எழுத்துப் பிழைகள் கணிசமாகக் குறைகின்றன என்று அதில் காட்டினார்கள். நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டாம்.

இரண்டாவது இடம் படத்தின் பக்கம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 512க்கு 512 பிக்சல் படத்தை நேரடியாக வரைவதில்லை. 64க்கு 64 கட்டம் உள்ள ஒரு சுருக்கத்தில் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் அதைப் படமாக விரிக்கிறது. ஒரு கட்டம் என்பது படத்தில் 8க்கு 8 பிக்சல். அந்த 64 பிக்சலுக்கு நிறங்களோடு சேர்த்து 192 எண்கள் வேண்டும். சுருக்கத்தில் அவற்றுக்குப் பதில் இருப்பவை நான்கே எண்கள். வானம், சுவர், பட்டுத்துணி இவற்றுக்கு நான்கு எண் தாராளம். இப்போது 24 பிக்சல் உயரமுள்ள ஒரு ‘த்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து முழுவதுக்கும் ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டம்தான். அதன் தலையில் உள்ள புள்ளி மூன்று பிக்சல் அகலம் இருக்கும், ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லை. விரிக்கும்போது புள்ளி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, பக்கத்து எழுத்தின் தலைக்கு நகர்ந்தும் போகும். நம் எழுத்துகளில் வேறுபாடுகள் இருப்பதே இந்த மாதிரிப் பொடி இடங்களில்தான். ர-வுக்கும் காலுக்கும் நடுவே அடியில் ஒரு சாய்ந்த கோடு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் நடுவே மேலே ஒரு சுழி. அதனால்தான் பெரிய எழுத்தில் ஓரளவு தேறுவது சின்ன எழுத்தில் அடியோடு சிதறுகிறது. பின்னால் வந்த பதிப்புகளில் நான்கு எண்ணைப் பதினாறாக்கினார்கள். சின்ன விவரங்கள் மேம்பட்டதற்கு அது ஒரு காரணம்.

மூன்றாவது, பழக்கிய படங்கள். இணையத்தில் கிடக்கும் படமும் அதன் கீழ் இருக்கும் விளக்க வரியும்தான் பாடம். ஒரு டீக்கடையின் புகைப்படத்துக்குக் கீழே ‘சென்னையில் ஒரு டீக்கடை’ என்று இருக்கும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆக, பலகை என்றால் எழுத்து போன்ற வரிகள் இருக்க வேண்டும் என்று மட்டும் கருவி கற்கிறது. எந்த ஒலிக்கு எந்த உருவம் என்பதைக் கற்க வழியில்லை. சீனம் தெரியாத ஒருவரிடம் நேற்றுப் பார்த்த சீனக் கடைப் பலகையை நினைவிலிருந்து வரையச் சொன்னால் என்ன வரைவாரோ, அதுதான் வருகிறது. தமிழ்ப் பலகைகள் அந்தப் பாடத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. சுழி உண்டு, மேலே புள்ளி உண்டு, எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக உட்காரும் என்ற அளவுக்கு அதற்குத் தமிழ் தெரியும்.

‘இப்போது வருகிற கருவிகள் ஆங்கிலத் தலைப்பைச் சரியாகவே எழுதுகின்றனவே’ என்று கேட்பீர்கள். உண்மை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்தில் நாலைந்து சொல் தலைப்பு பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது. தமிழிலும் சில சொற்கள் சில நேரம் சரியாக வந்துவிடுகின்றன. ஆனாலும் அதை அச்சுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். வந்தது எழுத்தின் படம், எழுத்து இல்லை. கொலு திறப்பு ஒரு நாள் தள்ளிப்போனால் தேதியை மட்டும் எழுத்தாகத் திருத்த முடியாது. திருத்தச் சொன்னால் எழுத்தோடு பொம்மைகளும் இடம் மாறி வரலாம். பெரிதாக்கினால் ஓரங்கள் மழுங்கும். தலைப்பு சரியாக இருக்கிறதே என்ற தெம்பில் கீழே பொடியாக இருக்கும் முகவரியைப் படிக்காமல் விட்டுவிடுவோம் என்பது இன்னும் மோசம்.

சரி, சுவரொட்டிக்கு வருகிறேன். வேலையைத் திருப்பிப் போட வேண்டும். கருவியிடம் எழுத்தே இல்லாத படம் வாங்குவது, எழுத்தை வடிவமைப்பு மென்பொருளில் நாமே கோப்பது.

எழுத்தில்லாத படம் வாங்குவதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘சுவரொட்டி’, ‘அழைப்பிதழ்’, ‘பேனர்’ என்ற சொற்கள் பிராம்ப்டில் இருந்தால் எழுத்து வந்தே தீரும். அந்தச் சொற்களோடு வந்த படங்களில் எல்லாம் எழுத்து இருந்திருக்கிறது அல்லவா? ‘எழுத்து வேண்டாம்’ என்று எழுதினாலும் பல கருவிகளில் அது எதிராக வேலை செய்கிறது. வேண்டாம் என்பது காதில் விழாமல் எழுத்து என்பது மட்டும் விழுகிறது. அதனால் காட்சியை மட்டும் சொல்லுங்கள்: ஒரு கூடம், ஏழு படிக் கொலு, படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் சுண்ணாம்புச் சுவர், பக்கவாட்டிலிருந்து விளக்கு வெளிச்சம். வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி வைத்திருக்கும் கருவி என்றால் அங்கே `text, letters, watermark, signature` என்று போடலாம். வெற்றுச் சுவர் கேட்டது தலைப்புக்கு இடம் பிடிப்பதற்காக. இடம் இல்லாத படத்தின் மேல் பிறகு எழுத்தைத் திணிப்பது பெரும்பாடு.

படம் வந்ததும் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும், புத்தக முதுகுகள் இருக்கும், மூலையில் ஓவியர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கும். எல்லாம் அதே பொய் எழுத்து. ஜிம்ப் மென்பொருளின் `Heal`, `Clone` கருவிகளில் பக்கத்துச் சுவரின் நிறத்தை எடுத்து அவற்றின் மேல் பூசிவிடலாம்.

அடுத்து அளவுக் கணக்கு. படம் 1024க்கு 1536 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாள் 297க்கு 420 மி.மீ. வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க நாலா பக்கமும் 3 மி.மீ. பிளீட் சேர்த்தால் 303க்கு 426. 1024 பிக்சலை 303 மி.மீ.க்கு விரித்தால் அங்குலத்துக்கு 86 பிக்சல்தான் தேறும். நல்ல அச்சுக்கு 300 என்பார்கள். கிட்டத்தில் நின்று பார்த்தால் படம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். பெரிதாக்கும் கருவியில் இரு மடங்காக்கினால் 172 வரும், சில அடி தள்ளி நின்று பார்க்கிற சுவரொட்டிக்கு அது போதும். இங்கேதான் தனியாகக் கோத்த எழுத்தின் லாபம் தெரிகிறது. எழுத்துரு பிக்சலால் ஆனதில்லை, வளைகோடுகளின் கணக்கால் ஆனது. பின்னால் இருக்கும் படம் 172 ஆனாலும் 86 ஆனாலும் எழுத்தின் ஓரம் அச்சு இயந்திரத்தின் முழுக் கூர்மையோடு விழும். பார்வையாளருக்குச் சுவரொட்டி முழுவதுமே கூர்மையாக இருப்பது போலத் தோன்றும்.

இன்னொரு சங்கதி, படத்தின் விகிதமும் தாளின் விகிதமும் ஒன்றில்லை. அகலத்தைப் பொருத்தினால் உயரம் 454 மி.மீ. ஆகிறது, 28 மி.மீ. வெட்டுப்படும். அதைக் கீழ்ப்பக்கம் வெட்டுங்கள். மேலே வெட்டினால் தலைப்புக்கு வாங்கிய சுவர் போய்விடும்.

பக்கத்தை அமைக்க ஸ்கிரிபஸ் போதும், இலவசம். 1.4 வரிசைப் பழைய பதிப்பை வைத்துத் தமிழில் வேலை செய்ய முயல வேண்டாம், 1.6 வரிசை வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், தமிழ் கோப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் அது. ‘கொ’ கணினிக்குள் இருக்கும் வரிசை: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் தெரியும் வரிசை: கொம்பு, க, கால். பின்னால் இருக்கும் குறியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை முன்னால் கொண்டுவரும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் எந்திரம் செய்கிறது. அந்த எந்திரம் மென்பொருளில் இல்லையென்றால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் பக்கத்தில் தனியாகத் தொங்கும். புது மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் ‘கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ’ என்று தட்டிப் பாருங்கள். நான்கும் ஒழுங்காக வந்தால் மேலே போகலாம். அடோபி இன்டிசைனில் கொம்பு இடம் மாறினால் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் எழுத்துருவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இன்னொரு வகைச் சிக்கல் வாடிக்கையாளரின் ஃபைலிலேயே வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்த வாசகத்தில் ‘கொ’ என்பது `nfh` என்ற மூன்று ஆங்கில எழுத்தாக உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே. அதை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் `nfh` என்றே தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, மாற்றிய வாசகத்தை ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டு, பிறகு பக்கத்தில் வையுங்கள்.

ஸ்கிரிபஸில் ஏ3 பக்கம் திறந்து பிளீட் 3 மி.மீ. கொடுக்கிறோம். பிளீட் வரை நீளும் படச் சட்டம் ஒன்று போட்டுப் படத்தை உள்ளே கொண்டுவந்து அந்த லேயரைப் பூட்டிவிடுகிறோம். எழுத்துக்குத் தனி லேயர். தலைப்புக்கு பலூ தம்பி போன்ற தடித்த எழுத்துரு, விவரங்களுக்கு முக்தா மலர். இரண்டும் இலவசமாக, அச்சில் பயன்படுத்தும் உரிமையோடு கிடைப்பவை. ‘நவராத்திரி கொலு’ என்பதை ஒரே வரியில் பெரிதாக வைக்க ஏ3 அகலம் இடம் தராது. ‘நவராத்திரி’ மேலே 70 பாயின்ட், ‘கொலு’ கீழே 150 பாயின்ட் என்று வைத்துப் பார்த்தால் தலைப்பு சுவரில் நன்றாக உட்காரும். நாள், நேரம், இடம் 26 பாயின்டில் கீழே.

வரி இடைவெளியை மென்பொருள் தருகிறபடி விட்டுவிடாதீர்கள். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு, பெரும்பாலும் எழுத்தளவில் 120 சதவீதம். தமிழில் மேலே இகரச் சுழி ஏறும், கீழே உகர வால் இறங்கும். மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘தி’யில் முட்டும். 140 சதவீதத்தில் தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அகலப்படுத்தும் பழக்கமும் ஆங்கிலத் தலைப்புகளிலிருந்து வந்ததுதான். சில மென்பொருள்களில் கொம்பு, க, கால் மூன்றும் மூன்று எழுத்து போல விலகி ‘கொ’ உடைந்துவிடும். அதைவிடக் கொடுமை எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போடுவது. ண, ன இவற்றின் சுழிகள் அடைபட்டு எழுத்து கொழுக்கட்டையாகிவிடும். தடிமன் வேண்டுமென்றால் எழுத்துருவின் தடித்த வடிவத்தையே எடுங்கள்.

நீளச் சொல்லை உடைக்க நேர்ந்தால் ஒரு பழைய விதி இருக்கிறது, அச்சுக் கோத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்: மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ‘புத்தகத்திருவிழா’வை உடைத்தால் ‘புத்தகத்’ மேலே, ‘திருவிழா’ கீழே. மென்பொருளின் கைக்கு விட்டால் ‘புத்தக’ என்று நிறுத்திவிட்டு ‘த்திருவிழா’ என்று அடுத்த வரியைத் தொடங்கும் அபாயம் உண்டு.

நிறத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. 26 பாயின்ட் விவரங்களுக்குக் கறுப்பு என்றால் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் சுழியம் என்று வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சில் தகடுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும்.

படத்துக்குள் இருக்கும் ஒரு பலகையிலேயே எழுத்து வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். பலகை வெறுமையாக வந்தால் முடியும். இங்க்ஸ்கேப்பில் வாசகத்தைக் கோத்து, ஒரு பிரதியைத் திருத்துவதற்காக எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை `Object to Path` கொடுத்துக் கோட்டுருவமாக்கி, பலகையின் நான்கு மூலைக்கும் `Perspective` நீட்சியால் சாய்க்க வேண்டும். பிறகு `Multiply` முறையில் கலந்தால் பலகையின் மரக்கோடுகள் எழுத்தின் ஊடே தெரியும். எழுத்து படத்தைவிடக் கூர்மையாக இருந்தால் ஒட்டவைத்தது உடனே தெரிந்துவிடும், இம்மியளவு மங்கலாக்க வேண்டியிருக்கும். அழகாகச் செய்யலாம், நேரம் பிடிக்கும். கொலு சுவரொட்டிக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிடிஎஃப் எடுக்குமுன் ஸ்கிரிபஸின் `Preflight Verifier` படத்தின் பிக்சல் போதவில்லை, சட்டத்துக்கு வெளியே வாசகம் வழிகிறது என்றெல்லாம் எச்சரிக்கும். படத்தைப் பற்றிய எச்சரிக்கையை நம் கணக்கு தெரிந்து தாண்டிப் போகலாம். வாசகம் வழிவதைத் தாண்டக் கூடாது, முகவரியின் கடைசி வரி காணாமல் போய்விடும். பிடிஎஃப் எடுத்தபின், எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கட்டளை உண்டு.

```
pdffonts kolu.pdf
```

பட்டியலில் `emb` என்ற பத்தியில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் `yes` இருக்க வேண்டும். `no` என்று ஒன்று இருந்தாலும் அச்சகத்துக் கணினி அந்த இடத்தில் வேறு எழுத்துருவைப் போடும், அல்லது வெறும் கட்டங்களைப் போடும். தமிழைப் பொறுத்தவரை கட்டங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அதன்பிறகு பிடிஎஃபை ஏ4 தாளில் அச்செடுத்து, இந்தச் சுவரொட்டியில் கை வைக்காத ஒருவரிடம் கொடுத்து, தேதியையும் நேரத்தையும் முகவரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்த மென்பொருளில் அரை நிமிடம் ஆகும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.